இளைஞர் நீதிக் குழுமத்துக்கான சமூக விசாரணை அறிக்கை: 15 நாளில் ஒரு சிறுவனின் தேவையையும் இடரையும் கணிப்பது எப்படி

தமிழ்நாட்டில் நன்னடத்தை அலுவலராகவோ, அவர் இல்லாத இடத்தில் சமூகப் பணியாளராகவோ புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். குற்றம் சாட்டப்பட்ட சிறுவர்களின் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் ஒரு பதினாறு வயதுப் பையனின் கோப்பை உங்களிடம் கொடுத்து, சமூக விசாரணை அறிக்கை கேட்கிறது. கையில் ஒரு படிவம் இருக்கிறது. அதில் கட்டங்களும் டிக் அடிக்க வேண்டிய வரிகளும் நிறைய. படிவத்தை நிரப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் பெரும்பாலான அறிக்கைகள் வீணாகின்றன. குழுமத்துக்கு வேண்டியது மூன்று பதில்கள்: இந்தப் பையன் மறுபடி சிக்கலில் மாட்டுவதற்கான வாய்ப்பு எவ்வளவு? அந்த வாய்ப்பை உண்டாக்குவது எது? அதில் எதை, யார், எப்போதைக்குள் மாற்ற முடியும்? அந்த வரிசையில்தான் இந்தக் கட்டுரை போகிறது.

1. முதலில் நாளைக் கணக்கிடுங்கள்

இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் பிரிவு 8, சிறுவன் முதன்முதலில் குழுமத்தின் முன் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 15 நாளுக்குள் அறிக்கை வர வேண்டும் என்கிறது. கோப்பு உங்கள் மேசைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. கோப்பு ஐந்து நாள் கழித்து வந்தால் உங்களுக்கு மிச்சம் பத்து நாள்தான். ஆகவே உறையைப் பிரித்ததும் முதல் தாளில் நிறுத்தப்பட்ட தேதியையும் கடைசித் தேதியையும் எழுதிவையுங்கள்.

இந்த 15 நாளை நான்கு துண்டாகப் பிரித்தால் வேலை கட்டுக்குள் இருக்கும். முதல் மூன்று நாளில் பையனோடு முதல் சந்திப்பும் ஆவணம் கேட்டு அனுப்புவதும். அடுத்த ஐந்து நாளில் வீடு, பள்ளி, வேலை செய்த இடம். பிறகு பையனோடு இரண்டாம் சந்திப்பு. கடைசி நான்கு நாள் எழுதுவதற்கும் சரிபார்ப்பதற்கும். பள்ளி விடுமுறை நடுவில் வந்தால் திட்டம் குலைந்துவிடும் என்பதால், பள்ளி வேலையை எப்போதும் முன்னே தள்ளுங்கள்.

ஜாமீன் விசாரணை உங்கள் அறிக்கைக்காகக் காத்திருக்காது. பிரிவு 12-இன்படி ஜாமீன்தான் விதி. மறுப்பதற்கு மூன்றே காரணங்கள்: தெரிந்த குற்றவாளியோடு அவன் சேர வழியாகும், ஒழுக்க, உடல், மன ரீதியான ஆபத்துக்கு ஆளாவான், நீதியின் நோக்கம் கெடும். முதல் நாளே குழுமம் உங்கள் கருத்தைக் கேட்கலாம். அப்போது தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். “வீடு பார்க்கவில்லை” என்பதும் ஒழுங்கான பதில்தான். ஜாமீன் கிடைத்தும் நிபந்தனையை நிறைவேற்ற முடியாமல் ஏழு நாள் தாண்டினால், நிபந்தனையைத் தளர்த்தக் குழுமத்தின் முன் மறுபடி கொண்டுபோக வேண்டும். இதைக் கவனிக்க ஆளில்லாமல் பையன்கள், விசாரணைக் காலத்தில் சிறுவர்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்திலேயே கிடப்பதுண்டு.

2. ஆவணங்களை ஒரே மூச்சில் கேட்டுவிடுங்கள்

காவல் துறை தரும் சமூகப் பின்னணி அறிக்கை முதலாவது. மத்திய மாதிரி விதிகள் 2016-இல் இது படிவம் 1. நீங்கள் எழுதப்போவது படிவம் 6, அதைத் தொடர்ந்து வரும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் படிவம் 7. உங்கள் குழுமம் மாநில விதிகளின் படிவ எண்ணைப் பயன்படுத்தினால் அதையே எழுதுங்கள். காவல் துறையின் அறிக்கையை வாசியுங்கள், ஆனால் அதிலிருந்து வாக்கியம் எடுக்காதீர்கள். “பெற்றோர் கட்டுப்பாடு இல்லை, தீய நண்பர்கள் சேர்க்கை” என்ற ஒரே வரி பத்துப் பையன்களின் கோப்பில் இருக்கும். அது யாரையும் விவரிப்பதில்லை.

அடுத்து வயது. பிரிவு 94-இல் வரிசை தெளிவாக இருக்கிறது: பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று. அது இல்லாவிட்டால் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியின் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. ஆதார் அட்டை இந்த வரிசையில் இல்லை. ஆதாரில் உள்ள தேதியை அப்படியே வயது என்று எழுதிவிட்டு, பிறகு பள்ளிப் பதிவேடு வேறு தேதியைக் காட்டினால், அறிக்கை முழுவதன் மீதும் சந்தேகம் விழும்.

மூன்றாவது, மாதவாரியான வருகைப் பதிவு. மொத்த சதவீதம் போதாது. எந்த மாதத்தில் வருகை சரிந்தது என்று தெரிந்தால், அந்த மாதம் அவன் வாழ்க்கையில் என்ன நடந்தது என்று கேட்கலாம். என்னைக் கேட்டால் கோப்பிலேயே அதிகம் பேசும் தாள் இதுதான்.

செலவு பற்றி: குடும்பத்திடம் எதற்கும் பணம் கேட்கக் கூடாது, யாரும் கேட்கவும் விடக் கூடாது. வழக்கறிஞர் இலவசம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987-இன் பிரிவு 12-இன்படி, குழந்தைக்கு வருமான வரம்பே இல்லாமல் இந்த உதவி உண்டு. வெளியில் யாரோ ஒருவர் “ரிப்போர்ட் நல்லபடியா எழுதச் சொல்றேன்” என்று குடும்பத்திடம் பேரம் பேசுவது நடக்கும். அதனால் முதல் சந்திப்பிலேயே, “இதுக்கு ஒரு பைசா கிடையாதும்மா, யார் கேட்டாலும் கொடுக்காதீங்க” என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

3. முதல் சந்திப்பில் குற்றத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்

கூர்நோக்கு இல்லத்தில் காவலர் காதில் விழாத இடம் கேளுங்கள். முக்கால் மணி நேரம் போதும். முதலில் நீங்கள் யார், இந்தப் பேச்சு எங்கே போகும் என்று அவனிடம் சொல்ல வேண்டும். “நீ சொல்றதுல தேவையானது குழுமத்துக்குப் போகும் தம்பி. சொல்ல விருப்பமில்லாததைச் சொல்ல வேண்டாம்” என்று சொன்னால் போதும். ரகசியமாக வைத்துக்கொள்வேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அது நிற்காது.

முதல் நாள் பார்க்க வேண்டியது உடனடி ஆபத்து. உடம்பில் காயம் உண்டா, பிடிபட்டபோது அடித்தார்களா, தூக்கம் வருகிறதா, முன்கையில் பிளேடு கீறல் உண்டா. தற்கொலை எண்ணத்தைச் சுற்றி வளைக்காமல் நேராகக் கேளுங்கள்: “செத்துப் போயிடலாம்னு தோணியிருக்கா? இப்ப தோணுதா?” கேட்பதால் எண்ணம் புதிதாக முளைக்காது. கேட்காமல் விட்டால்தான் தெரியாமல் போகும். ஆம் என்றால் அன்றே இல்லக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கொடுத்து, மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். 15 நாள் கழித்து வரும் அறிக்கையில் இதை எழுதுவதில் பயனில்லை.

போதைப் பழக்கத்தைப் பொதுவாகக் கேட்டால் “இல்ல சார்” என்றுதான் வரும். பெயர் சொல்லிக் கேளுங்கள்: உதட்டில் அடக்கும் புகையிலையான கூல் லிப், பீடி, கஞ்சா, முகரும் பசையான சொல்யூஷன், வலி மாத்திரை. ஒவ்வொன்றிலும் முதல் தடவை எப்போது, கடைசி தடவை எப்போது, வாரத்தில் எத்தனை நாள், யார் காசு. வலி மாத்திரை வழக்கமாகப் போட்டவன் இல்லத்துக்கு வந்த ஓரிரு நாளில் வியர்வை, உடல்வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை என்று படுத்துக்கொள்வான். அதை “முரண்டு பிடிக்கிறான்” என்று பதிவேட்டில் எழுதியிருப்பார்கள். அவனுக்கு வேண்டியது மருத்துவர்.

குற்றம் நடந்த சூழலை இரண்டாம் சந்திப்பில் கேளுங்கள். அதிலும் கவனம் வேண்டும். குழுமம் இன்னும் எதையும் முடிவு செய்யவில்லை; அவன் குற்றமற்றவன் என்றே கருதப்பட வேண்டும். உங்கள் அறிக்கை ஒப்புதல் வாக்குமூலமாக மாறிவிடக் கூடாது. “வண்டியைத் திருடியதாகச் சொன்னான்” என்று எழுதாதீர்கள். “அந்த வாரம் இரவு பதினொரு மணி வரை கடையில் இருந்திருக்கிறான், வீட்டில் தேடவில்லை” என்பது உங்களுக்குப் போதும்.

4. வீட்டுக்குப் போகும் நேரமும் விதமும்

காலை பதினொரு மணிக்குப் போனால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பீர்கள். மாலை ஆறரைக்கு மேல் போங்கள். காவல் வாகனத்தில் போகாதீர்கள். காவலரையும் கூட்டிப் போகாதீர்கள். தெருவில் வழி கேட்கும்போது வழக்கைச் சொல்லாதீர்கள். சிறுவனின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிடுவது பிரிவு 74-இன்படி குற்றம், ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ அல்லது இரண்டுமோ விதிக்கலாம். நீங்கள் வாய்தவறிச் சொல்வது அந்தப் பிரிவில் வராவிட்டாலும், பையன் திரும்பி வாழ வேண்டிய தெரு அது.

வீட்டில் மூன்று விஷயம் தெரிந்தால் போதும். அவன் வெளியே போகும்போது யாரிடம் சொல்லிவிட்டுப் போகிறான்? யார் சொன்னால் கேட்கிறான்? வராமல் போனால் யார் தேடுகிறார்கள்? மூன்றுக்கும் ஒரு பெயர்கூட வராவிட்டால் கண்காணிப்பில் ஓட்டை உண்டு. பாட்டி, மாமா, பக்கத்து வீட்டு அக்கா என்று ஏதாவது பெயர் வந்தால், அந்த ஆள்தான் உங்கள் திட்டத்தின் அச்சாணி. அவரைத் தனியே பார்த்துப் பேசிவிட்டு வாருங்கள்.

ஓட்டு வீடு, ஒற்றைப் பெற்றோர், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பு, சாதி இவை எதுவும் இடர் அல்ல. இவற்றை இடர் என்று எழுதும் அறிக்கை, ஏழ்மையைக் குற்றமாக்குகிறது. அம்மா தனியாக வளர்க்கிறார் என்பது தகவல். அம்மா இரவு ஷிப்டுக்குப் போகும் நாட்களில் வீட்டில் பெரியவர் யாருமில்லை என்பதுதான் இடர், ஏனென்றால் அதை மாற்ற முடியும்.

5. பள்ளியில் தலைமை ஆசிரியரை மட்டும் பாருங்கள்

இங்கே நடக்கும் விபரீதம் ஒன்றுதான், ஆனால் பெரியது: விசாரிக்கப் போன அலுவலரின் பேச்சிலிருந்து வழக்கு பள்ளிக்குத் தெரிந்து, அடுத்த வாரம் அம்மாவைக் கூப்பிட்டு டி.சி. கொடுத்துவிடுவார்கள். அதோடு பள்ளி என்ற பாதுகாப்பு போயிற்று. ஆசிரியர் அறையில் பேச வேண்டாம். குழந்தைப் பாதுகாப்பு அலகின் வேலையாக வந்திருப்பதாகச் சொல்லி வருகை, மதிப்பெண், உடல்நலம் கேளுங்கள். வாசிக்க வருகிறதா என்று தனியாகக் கேளுங்கள். பத்தாம் வகுப்பில் இருந்தும் பத்தியைச் சேர்த்து வாசிக்க முடியாத பையன்கள் உண்டு. அவர்களை “மறுபடி பள்ளிக்கு அனுப்புக” என்று பரிந்துரைப்பது, மறுபடி ஓடிவரச் சொல்வதற்குச் சமம்.

6. எட்டுப் பகுதியாகப் பிரித்து எடைபோடுங்கள்

இடரையும் தேவையையும் சேர்த்துக் கணிக்க உலகளவில் பயன்படும் கருவிகளில் ஒன்று ஒய்.எல்.எஸ்./சி.எம்.ஐ. ஹோஜ், ஆண்ட்ரூஸ் என்ற இரு உளவியலாளர்கள் உருவாக்கியது. 42 கேள்விகள், எட்டுப் பகுதிகள்: முந்தைய, இப்போதைய வழக்குகள், குடும்பம், படிப்பும் வேலையும், நண்பர்கள், போதை, ஓய்வு நேரம், குணமும் நடத்தையும், மனப்போக்கு. கட்டணமும் பயிற்சியும் வேண்டிய கருவி அது. அதன் மதிப்பெண் எல்லைகள் வேறு நாட்டுப் பிள்ளைகளை வைத்து வகுத்தவை. அதனால் எண்ணை அறிக்கையில் போடாதீர்கள். எட்டுப் பகுதி என்ற ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தாளில் எட்டு வரி. ஒவ்வொரு வரியிலும் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று ஒன்று. அதற்கு என்ன ஆதாரம், யார் சொன்னது. அந்தப் பகுதியிலேயே அவனுக்குப் பலம் ஏதாவது உண்டா. ஒரே தகவலை இரண்டு வரியில் எண்ணாதீர்கள். சிகரெட்டை நண்பன் கொடுத்தான் என்பதை நண்பர்கள் வரியிலும் போதை வரியிலும் எழுதினால், ஒரு சிகரெட்டுக்காகப் பையன் இரண்டு மடங்கு ஆபத்தானவனாகத் தெரிவான்.

வழக்கு வரலாறு மாறாதது. எவ்வளவு உழைத்தாலும் நேற்றைய வழக்கு இல்லாமல் போகாது. மீதி ஏழும் மாறக்கூடியவை. உங்கள் திட்டம் அந்த ஏழில் “அதிகம்”, “நடுத்தரம்” வந்தவற்றின் மேல் மட்டும் நிற்க வேண்டும்.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது, குற்றத்தின் கனத்தை இடரின் அளவாக எடுத்துக்கொள்வதில். பெரிய வழக்கில் சிக்கிய பையனின் ஏழு பகுதிகளும் அமைதியாக இருக்கலாம். செல்போன் திருடியவனுக்கு ஐந்து பகுதியில் “அதிகம்” இருக்கலாம். இடர் குறைந்த பையனைத் தீவிரமான திட்டத்தில் தள்ளுவதும் கெடுதல்தான்: பள்ளி நேரம் போகிறது, வீட்டிலிருந்து பிரிகிறான், அங்கே அதிக இடர் உள்ளவர்களோடு பழகுகிறான். அவனுக்கு அறிவுரை சொல்லி விடுவிப்பதே சரியான பரிந்துரை. பிரிவு 18 அதற்கு இடம் தருகிறது.

பதினாறு வயது நிறைந்தவன் மீது கொடுங்குற்றம், அதாவது குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டோ அதற்கு மேலோ உள்ள குற்றம் சாட்டப்பட்டிருந்தால், பிரிவு 15-இன் முதற்கட்ட மதிப்பீடு மூன்று மாதத்துக்குள் தனியாக நடக்கும். அது குழுமம் செய்வது. உங்கள் அறிக்கையில் “செய்வதன் விளைவை அறிந்தே செய்தான்” போன்ற வரியை எழுதிவிட்டால், அந்த ஒரு வரி அவனை வயது வந்தவர்களின் விசாரணைக்கு இழுத்துப்போகக்கூடும்.

7. ஒரு கோப்பை முழுதாகப் போட்டுப் பார்ப்போம்

பயிற்சிக்காக அமைத்த கோப்பு இது. பதினாறு வயது, பத்தாம் வகுப்பு. இருபத்திரண்டு வயது இளைஞனோடு சேர்ந்து இருசக்கர வாகனம் எடுத்ததாக வழக்கு. திருட்டுக்கு அதிகபட்சம் மூன்றாண்டு என்பதால் சிறு குற்ற வகைதான். ஆனால் பெரியவர் சேர்ந்திருப்பதால் முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருக்கிறது.

வருகைப் பதிவைப் பார்த்தால் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஓரிரு நாள்தான் விடுப்பு. அக்டோபரில் பாதி நாள் இல்லை. டிசம்பரில் நின்றுவிட்டான். அக்டோபரில் என்ன? லோடு ஆட்டோ ஓட்டும் அப்பாவுக்கு விபத்தில் கால் முறிந்தது. அம்மா பனியன் கம்பெனியில் இரவு ஷிப்டு எடுத்துக்கொண்டார். பையன் வண்டி வாட்டர் வாஷ் கடையில் சேர்ந்தான், நாள் கூலி அம்மா கையில். அந்த இளைஞன் அங்கே வேலை செய்தவன். கூல் லிப் அங்கே பழகியது, தினமும் இரண்டு மூன்று. வேறு போதை இல்லை.

எட்டு வரி இப்படி வரும். முந்தைய வழக்கு குறைவு. குடும்பம் நடுத்தரம்: பாசம் உண்டு, இரவில் கண்காணிப்பு இல்லை, அத்தை அடுத்த தெருவில் இருக்கிறார், அவர் பேச்சைக் கேட்கிறான். படிப்பு அதிகம், ஆனால் வாசிப்பு நன்றாக வருகிறது. நண்பர்கள் அதிகம், ஆனால் ஒரே ஆள். பழைய பள்ளி நண்பர்கள் இன்னும் வீட்டுக்கு வருகிறார்கள். போதை நடுத்தரம். ஓய்வு நேரம் நடுத்தரம்: கபடி ஆடியவன், அக்டோபரோடு விட்டான். குணம் குறைவு. மனப்போக்கு குறைவு. மொத்தத்தில் நடுத்தர இடர்; மூலம் ஒன்று, வீட்டு வருமானம் நின்றது.

இனித் திட்டம். “கவுன்சலிங் தேவை” என்று எழுதி முடிக்கும் அறிக்கை இங்கே தோற்றுவிடும், ஏனென்றால் பேசித் தீர்க்கும் சங்கதி அல்ல இது. அப்பா விபத்தில் அடிபட்டவர்: மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் மோட்டார் விபத்து இழப்பீட்டு மனு. பெற்றோர் உடலாலும் பணத்தாலும் பராமரிக்க இயலாத நிலை: குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசுத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவு, மாதம் 4,000 ரூபாய். நகர்ப்புறக் குடும்பத்துக்கு ஆண்டு வருமானம் 96,000 ரூபாய்க்குள், கிராமப்புறத்துக்கு 72,000-க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய். அதோடு குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு, படிப்புச் சான்று, அப்பாவின் மருத்துவமனைத் தாள்கள். ஒப்புதல் தருவது மாவட்ட அளவிலான குழு. அது கூடும்வரை பணம் வராது. ஆகவே விண்ணப்பத்தை அறிக்கைக்கு முன்பே கொடுத்துவிட்டு, கொடுத்த தேதியை அறிக்கையில் எழுதுங்கள்.

படிப்புக்கு, தலைமை ஆசிரியர் சேர்த்துக்கொண்டால் அதே பள்ளி. இல்லையென்றால் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு. அதுவும் பிடிக்காவிட்டால் ஐ.டி.ஐ.; வெல்டர், வயர்மேன் பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். இரவு ஷிப்டு நாட்களில் அத்தை வீட்டில் தூக்கம். கடை மாற்றம். மாலையில் பழைய கபடிக் குழு. கூல் லிப்புக்கு அரசு மருத்துவமனையில் ஆலோசனை. குழுமத்திடம் கேட்க வேண்டியது: வீட்டில், நன்னடத்தை அலுவலர் மேற்பார்வையில் விடுதல். சட்டம் இதற்கு மூன்றாண்டு வரை அனுமதிக்கிறது என்பதற்காக மூன்றாண்டு கேட்காதீர்கள். ஆறு மாதம் கேட்டு, தேவைப்பட்டால் நீட்டிக்கக் கேட்கலாம்.

“எங்காவது வேலையில் சேர்த்துவிடலாம்” என்று குடும்பமும் சில நேரம் குழுமமும் சொல்வார்கள். பதினெட்டுக்குக் கீழ் உள்ளவரை அபாயகரமான தொழிலில் சேர்ப்பது சட்டவிரோதம். பரிந்துரையில் கடையின் பெயரை எழுதும் முன் அதைப் பாருங்கள்.

8. எழுதும் முறை

ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் மூலம் இருக்கட்டும்: “தாய் சொன்னது”, “வருகைப் பதிவேடு”, “நேரில் பார்த்தது”. தாயும் பள்ளியும் வேறு வேறாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள், சமன் செய்யாதீர்கள். “முரடன்”, “திருந்தாதவன்” போன்ற சொல்லை அடித்துவிட்டு, என்ன செய்தான், எப்போது, எத்தனை தடவை என்று எழுதுங்கள். தேவைக்கு மேல் பரிந்துரைகள் வேண்டாம். ஒவ்வொன்றிலும் பொறுப்பாளரும் தேதியும்.

அறிக்கை ரகசியமானது. ஆனால் பிரிவு 99-இன்படி அதன் சாரத்தைக் குழுமம் சிறுவனுக்கோ பெற்றோருக்கோ சொல்லி, அது குறித்து அவர்கள் சான்று தருவதற்கு வாய்ப்புத் தரலாம். ஆதலால் அவன் அம்மாவின் முன் வாசித்துக் காட்ட முடியாத எந்த வரியும் அதில் இருக்கக் கூடாது.

9. ஒரு மாதம் கழித்து மறுபடி எட்டு வரி

பராமரிப்புத் திட்டம் தொடங்கி முப்பது நாளில் அதே தாளை எடுத்து மறுபடி நிரப்புங்கள். நம் கோப்பில் பார்க்க வேண்டியது: வருகை எத்தனை நாள், அத்தை வீட்டில் தூங்கியது எத்தனை இரவு, அந்த இளைஞன் ஜாமீனில் வந்துவிட்டானா, நிதி ஆதரவு விண்ணப்பம் எந்த மேசையில் இருக்கிறது. நான்கில் முதலில் உடைவது பெரும்பாலும் கடைசியானதுதான். பணம் தாமதமானால் பையன் மறுபடி வாட்டர் வாஷ் கடைக்குப் போவான். அதைப் பையனின் மீறல் என்று எழுதாமல், விண்ணப்பம் நிற்பதைத் தேதியோடு குழுமத்துக்கு எழுதுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடம் விளக்கம் கேட்க அப்போதுதான் குழுமத்துக்கு வழி பிறக்கும்.